கடைசிக் கொள்முதல்: எத்தனை வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது?

சிறு, நடுத்தரத் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் நடைமுறை மூலதன வரம்பை உயர்த்தித் தரக் கேட்டு எங்களிடம் வரும்போது, பெரும்பாலும் புதிய விற்பனை ஆணை ஒன்றைக் காரணமாகக் காட்டுவர். அண்மைக் காலமாக வேறொரு காரணமும் எங்கள் மேசைக்கு வருகிறது. தாம் பல ஆண்டுகளாக வாங்கிவரும் ஒரு மின்னணு உறுப்பின் உற்பத்தி நிறுத்தப்படப் போவதாக அதன் தயாரிப்பாளர் அறிவித்துவிட்டார். இனி வேண்டியதை எல்லாம் ஒரே முறையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றனர். தொழில் வட்டாரத்தில் இதனை ‘லாஸ்ட் டைம் பை’ என்பார்கள். கடைசிக் கொள்முதல் என்று நாம் அழைக்கலாம்.

இத்தகைய கொள்முதலில் இரண்டு பக்கமும் இழப்பு உண்டு. குறைவாக வாங்கினால் உற்பத்தி நின்றுபோகும். மிகுதியாக வாங்கினால் பணம் அலமாரியில் உறங்கும்; இறுதியில் அது கழிவாகும். வழக்கமான கொள்முதலில் இந்த மாதம் செய்த பிழையை அடுத்த மாத ஆணையில் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அடுத்த ஆணை என்பதே கிடையாது. ஆகவே எண்ணிக்கையை எவ்வாறு முடிவு செய்வது, அதற்குரிய நிதியை எவ்வடிவில் பெறுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இக்கட்டுரையில் பார்ப்போம்.

அறிவிப்பும் அவகாசமும்

மின்னணுத் துறையின் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, உற்பத்தி நிறுத்தம் பற்றிய அறிவிப்புக்கு ஒரு நெறியை ஏற்படுத்தியுள்ளது. அதன்படி, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கடைசி ஆணை தருவதற்குக் குறைந்தது 6 மாதங்களும், கடைசிச் சரக்கைப் பெறுவதற்கு 12 மாதங்களும் வாங்குவோருக்கு அளிக்கப்பட வேண்டும். பெரிய தயாரிப்பாளர்கள் பலரும் இந்த அளவையே பின்பற்றுகின்றனர். ஆனால் கடைசி ஆணையை ரத்து செய்யவோ சரக்கைத் திருப்பித் தரவோ பொதுவாக இயலாது. கையெழுத்திட்ட பின்னர் அது முழுக் கடப்பாடாகிவிடும்.

அறிவிப்பு நேரே தொழிற்சாலைக்கு வந்து சேரும் என்று கொள்வதற்கில்லை. தயாரிப்பாளரிடமிருந்து விநியோகஸ்தருக்கும், அங்கிருந்து மின்னஞ்சல் வழியே கொள்முதல் அலுவலருக்கும் அது வந்து சேர வேண்டும். அந்த அலுவலர் பணியை விட்டு விலகியிருந்தால் 6 மாத அவகாசத்தில் பாதி எவரும் அறியாமலே கழிந்துவிடும். விநியோகஸ்தரிடம் தனிநபர் முகவரிக்குப் பதிலாக நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்து வைப்பது இதற்கு எளிய தீர்வு.

ஒரு எடுத்துக்காட்டு

புனேயை அடுத்த போசரியில், மின்தூக்கிகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையை மனத்தில் கொள்வோம். நிறுவனமும் அதன் எண்களும் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஒவ்வொரு பலகையிலும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு ஒன்று உள்ளது. அதன் விலை 400 ரூபாய். ஜனவரி மாதம் அறிவிப்பு வருகிறது. ஜூலைக்குள் கடைசி ஆணை தர வேண்டும். அடுத்த ஜனவரிக்குள் கடைசிச் சரக்கு வந்து சேரும்.

மின்தூக்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கக்கூடியது. ஆகவே தொழிற்சாலைக்குச் சில்லு இரண்டு வழிகளில் தேவைப்படுகிறது: புதிய பலகைகளைத் தயாரிக்க ஒன்று, ஏற்கெனவே விற்ற பலகைகளைப் பழுது பார்க்க மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிடுவதே பல மதிப்பீடுகளில் நாங்கள் காணும் முதற் குறை. கடந்த ஆண்டு வாங்கிய எண்ணிக்கையை எடுத்து, ஆண்டுகளால் பெருக்கி, மேலே சிறிது கூட்டிக் கொண்டுவருகின்றனர். ஆனால் இவ்விரு தேவைகளும் வேறு வேறு காலங்களில் ஏறி இறங்குபவை. அவற்றைத் தனித்தனியே கணக்கிட்டால்தான் உண்மை விளங்கும்.

முதலில் உற்பத்தித் தேவை. மாதம் 250 பலகைகள் வீதம் ஆண்டுக்கு 3,000 தயாராகின்றன. வேறொரு சில்லைக் கொண்ட புதிய வடிவமைப்பு, சோதனைகளும் சான்றிதழ்களும் முடிந்து 18 மாதங்களில் தயாராகும் என்று பொறியாளர்கள் கூறுகின்றனர். எனவே முதல் ஆண்டில் 3,000 சில்லுகள் வேண்டும். இரண்டாம் ஆண்டின் முதற்பாதியில் 1,500. பழைய பலகை படிப்படியாகக் குறையும் பிற்பாதியில் 600. மூன்றாம் ஆண்டில், பழைய பலகையே வேண்டுமென்று கேட்கும் சில வாடிக்கையாளர்களுக்காக 300. ஆக உற்பத்திக்கு 5,400.

அடுத்துப் பழுதுபார்ப்புத் தேவை. இன்று 20,000 பலகைகள் பல கட்டடங்களில் இயங்குகின்றன. பணிமனைப் பதிவேட்டின்படி, ஆண்டுக்கு நூற்றில் ஒரு பலகைக்குச் சில்லை மாற்ற வேண்டியிருக்கிறது. இயங்கும் பலகைகளின் எண்ணிக்கை உற்பத்தி நிற்கும் வரை ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் ஆண்டு முடிவில் 25,400 ஆகும். அதாவது, விற்பனை முடியும் வேளையில்தான் பழுதுபார்ப்புத் தேவை உச்சத்தை அடையும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு முறையே 215, 240, 250 எனச் சுமார் 700 சில்லுகள் தேவை. அதன் பின்னர் பத்து ஆண்டுகள் சேவை தருவதாக நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ளது. பழைய மின்தூக்கிகள் புதுப்பிக்கப்பட்டு எண்ணிக்கை மெல்லப் பாதியாகும் எனக் கொண்டால், சராசரியாக 19,000 பலகைகளுக்கு ஆண்டுக்கு 190 வீதம் 1,900 சில்லுகள் வேண்டும்.

இந்த 1,900 என்னும் எண்ணை அப்படியே ஏற்பதற்கு முன்னர் பொறியாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். புதிய பலகை பழைய பெட்டியில், பழைய இணைப்புகளுடன் பொருந்துமா? பொருந்துமானால், பழுதான பலகையைச் சரிசெய்யாமல் புதிய பலகையையே மாட்டிவிடலாம். பழைய சில்லுக்கு வேலை இல்லை. நம் எடுத்துக்காட்டில் ஏறத்தாழப் பாதி மின்தூக்கிகளில் அது பொருந்தும் என்று தெரியவருகிறது. தேவை 950 ஆகக் குறைகிறது. வடிவமைப்பு இன்னும் தொடக்க நிலையில் இருக்கும்போதே இக்கேள்வியைக் கேட்டால், பொருந்துமாறு வடிவமைக்கவே வழி உண்டு.

மூன்றாவது, சேதாரம். சாலிடரிங் பிழை, சோதனையில் கழிவது, சேமிப்பில் கெடுவது ஆகியவற்றுக்கு 150 எனக் கொள்வோம். உற்பத்திக்கு 5,400, பழுதுபார்ப்புக்கு 1,650, சேதாரத்திற்கு 150, மொத்தம் 7,200. கையிருப்பிலும் ஏற்கெனவே தந்த ஆணையிலும் 1,200 உள்ளன. அதைக் கழித்தால் வாங்க வேண்டியவை 6,000.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழுதுபார்ப்புத் தேவையைப் பணிமனைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, கிளைகளும் சேவை முகவர்களும் அனுப்பும் கோரிக்கைகளிலிருந்து எடுக்கலாகாது. உற்பத்தி நிற்கப்போகும் செய்தி பரவியதும் ஒவ்வொருவரும் தம் அலமாரியை நிரப்பிக்கொள்ள முயல்வர். அந்தக் கோரிக்கைகள் உண்மையான பழுதைக் காட்டுவன அல்ல, அச்சத்தையே காட்டுவன.

சராசரியில் நிற்கலாமா?

6,000 என்பது நடுவான மதிப்பீடு. அதைவிடத் தேவை கூடவும் குறையவும் வாய்ப்பு உண்டு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகினால் குறையும். கூடுவதற்கான முதன்மைக் காரணம் ஒன்றே: புதிய வடிவமைப்பு தாமதமாவது. 18 மாதங்கள் 24 மாதங்களானால், முழு வேக உற்பத்தி இன்னும் ஆறு மாதங்கள் நீளும். கூடுதலாக 1,500 சில்லுகள் வேண்டும். பத்தாண்டுப் பழுதுபார்ப்பில் நேரக்கூடிய எந்தப் பிழையையும்விட இது பெரிது.

எவ்வளவு கூட்டி வாங்குவது என்பதற்கு இரண்டு செலவுகளை ஒப்பிட வேண்டும். ஒரு சில்லு குறைந்துபோனால் என்ன செலவு? இடைத்தரகர் சந்தையில் அதே சில்லு 1,900 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அச்சந்தையில் போலிகளும், பழைய பலகைகளிலிருந்து பிரித்தெடுத்து மேற்பூச்சிட்டவையும் கலந்து வருவதால், சோதனைக்கு 300 ரூபாய் ஆகும். மொத்தம் 2,200. இன்றைய விலையான 400-ஐக் கழித்தால், ஒரு சில்லுக் குறைவின் விலை 1,800 ரூபாய்.

ஒரு சில்லு மிஞ்சிப்போனால் என்ன செலவு? விலை 400. வட்டியும் சேமிப்பும் சேர்த்து ஆண்டுக்கு 12 விழுக்காடு எனக் கொண்டால், மூன்று ஆண்டுகளில் அது 560-ஐத் தாண்டும். இதனோடு பலர் மறக்கும் ஒன்றும் உண்டு. சில்லுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. செலுத்தி, உள்ளீட்டு வரி வரவு எடுத்திருப்போம். பின்னர் அச்சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தால், மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி அந்த வரவைத் திருப்ப வேண்டும். அது சில்லுக்கு 72 ரூபாய். ஆக மிஞ்சும் சில்லின் விலை ஏறத்தாழ 600 ரூபாய்.

குறைவுக்கு 1,800, மிகுதிக்கு 600; மூன்றுக்கு ஒன்று. இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. அடுத்த சில்லு தேவைப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் இருக்கும்வரை வாங்கிக்கொண்டே போகலாம். அதற்குக் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இனி, பொறியாளரும் விற்பனை மேலாளரும் கூடி, தம் அனுபவத்தைக் கொண்டு வாய்ப்புகளை மதிப்பிடுகின்றனர். 4,500-க்கு மேல் தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 80. 6,000-க்கு மேல் தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 40. 7,000-க்கு மேல் நூற்றுக்கு 25. 7,500-க்கு மேல் நூற்றுக்கு 15. நம் விதிப்படி நிறுத்த வேண்டிய இடம் 7,000. சராசரியைவிட ஆயிரம் கூடுதல். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். கொள்முதல் மதிப்பு வரி நீங்கலாக 28 லட்ச ரூபாய்.

இந்த விதி அண்மை ஆண்டுகளுக்கே பொருந்தும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். பத்தாம் ஆண்டில் பயன்படப்போகும் ஒரு சில்லை இன்று வாங்கினால், ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் அதன் அடக்கம் அன்று 1,240 ரூபாய் ஆகியிருக்கும். அன்று சந்தையில் 2,200 ரூபாய்க்கு அது கிடைக்குமெனில், தேவைப்படும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தாலன்றி அதை இன்று வாங்குவது இலாபமாகாது. எனவே கூடுதலாக வாங்கும் ஆயிரத்தை வடிவமைப்புத் தாமதத்திற்கான காப்பாகவே கருத வேண்டும். தொலைதூர ஆண்டுகளின் பழுதுபார்ப்புக்கு நடு மதிப்பீடே போதும். அங்கே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்ப்பது விலை மிகுந்த பழக்கம். சேவையிலிருந்து நீக்கப்படும் பலகைகளை வாடிக்கையாளரிடமிருந்து திரும்பப் பெற்று, அவற்றின் நல்ல பாகங்களைப் பயன்படுத்துவது அத்தொலைவுத் தேவைக்கு மலிவான துணை.

எந்தப் பணத்தில் வாங்குவது?

28 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறோம் என்பதால் 28 லட்சமும் புதிய கடனாக வேண்டும் என்பதில்லை. முதல் ஆண்டில் பயன்படும் ஏறத்தாழ 3,300 சில்லுகளை எப்படியும் வாங்கத்தான் போகிறோம். அவை வழக்கமான நடைமுறை மூலதனத்திலேயே சுழலும். கடைசிச் சரக்கு வந்து சேரும் அடுத்த ஜனவரியில் கையில் நிற்பவை 4,900. அவற்றின் மதிப்பு 19.6 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 2,500 சில்லுகளாகவும், மூன்றாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,950 சில்லுகளாகவும் குறையும். ஆணை ஜூலையில் தந்தாலும், சரக்கை மூன்று நான்கு தவணைகளாக அனுப்புமாறு விநியோகஸ்தரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் வட்டியும், வரியாக முன்கூட்டிச் செலுத்தும் பணமும் குறையும்.

எஞ்சும் இருபது லட்சத்தைக் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து எடுப்பதில் ஓர் இடர் உண்டு. அக்கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பது, மாதந்தோறும் அளிக்கும் சரக்கு அறிக்கையை வைத்து, கடன்தாரர் ஏற்க வேண்டிய மார்ஜினைக் கழித்துக் கணக்கிடப்படுகிறது. கடன் அனுமதிக் கடிதத்தில் குறிக்கப்பட்ட காலத்திற்கு மேல் அசையாமல் கிடக்கும் சரக்கு அக்கணக்கில் சேர்வதில்லை. கடைசிக் கொள்முதல் சரக்கோ அசையாமல் கிடப்பதற்கென்றே வாங்கப்படுவது. ஆகவே சில மாதங்களில் அதன் மதிப்பு கணக்கிலிருந்து விலகும். எடுக்கக்கூடிய தொகை திடீரெனச் சுருங்கும். செம்புக் கம்பிக்கும் ஊதியத்துக்கும் வைத்திருந்த பணம் சில்லு அலமாரியில் சிக்கிக்கொள்ளும்.

இதற்கு ஏற்ற வடிவம், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் நடைமுறை மூலதனத் தவணைக் கடன். நம் எடுத்துக்காட்டில் நாலில் ஒரு பங்கை நிறுவனம் தன் பணத்திலிருந்து இட்டால், கடன் 15 லட்சம் அளவில் நிற்கும். தவணைகளைச் சில்லுகள் செலவாகும் வேகத்தோடு இணைக்கலாம்: இரண்டாம் ஆண்டில் மிகுதி, மூன்றாம் ஆண்டில் குறைவு. மூன்றாம் ஆண்டு முடிவில் எஞ்சும் பழுதுபார்ப்புச் சரக்கைக் கடனின்றித் தன் முதலிலேயே தாங்குவது நலம். சேவை ஒப்பந்த வருவாய் அதற்குரியது.

இக்கடனுக்கு வரும்போது தயாரிப்பாளரின் அறிவிப்பு, கடைசி ஆணை நாள், ஆண்டுவாரித் தேவைப் பட்டியல், பணிமனைப் பதிவேட்டின் சுருக்கம், சேவை ஒப்பந்தங்கள், புதிய வடிவமைப்பின் கால அட்டவணை ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டுகிறோம். இவற்றுள் நாங்கள் மிகக் கவனமாகப் படிப்பது கடைசியாகக் குறிப்பிட்டதையே. கடைசி ஆணை நாளுக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவேனும் விண்ணப்பம் வந்து சேர்வது நல்லது.

வாங்கிய பின்

ஈரப்பதத்தால் பாதிக்கப்படும் சில்லுகள், உலர்த்தியும் ஈரம் காட்டும் அட்டையும் வைத்து மூடிய உறைகளில் வருகின்றன. முத்திரையிட்ட நாளிலிருந்து குறைந்தது 12 மாதங்களுக்கு உறையின் பாதுகாப்பு கணக்கிடப்படுகிறது. அதன் பிறகு அட்டையின் நிறத்தைப் பார்த்து, வேண்டுமானால் சூளையில் உலர்த்தி மீண்டும் மூட வேண்டும். ஈரம் ஏறிய சில்லைச் சாலிடர் செய்யும் வெப்பத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, உறையைப் பிளந்துவிடக்கூடும். இப்பணிக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, நாளைக் குறித்து வைக்க வேண்டும்.

சரக்கை ஒரே அறையில் வைப்பதும் சரியன்று. தீயில் அழிந்தால் காப்பீடு பணத்தைத் தரும், சில்லைத் தராது. இரண்டு இடங்களில் பிரித்து வைத்து, இரண்டு முகவரிகளையும் காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கிக்கு அளிக்கும் சரக்கு அறிக்கையிலும் குறிப்பிட வேண்டும்.

பதிவேட்டில் உற்பத்திச் சரக்கையும் பழுதுபார்ப்புச் சரக்கையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதுவது அனைத்திலும் முக்கியமானது. இல்லையேல் புதிய வடிவமைப்பு தாமதமாகும் மாதங்களில், எவரும் முடிவு செய்யாமலே, பழுதுபார்ப்புக்கு ஒதுக்கியது உற்பத்தியில் கரைந்துவிடும். பத்தாண்டுச் சேவை ஒப்பந்தம் அன்றே பொய்த்துப்போகும். ஆனால் அது தெரியவருவதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம்.

கடைசி ஆணை நாளுக்கு ஒரு மாதம் முன்னர் மதிப்பீட்டை மறுமுறை பார்க்க வேண்டும். அதற்குள் புதிய வடிவமைப்பின் முதல் மாதிரிப் பலகை இயங்கிவிட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இயங்கிவிட்டால் கூடுதல் ஆயிரத்தைக் குறைக்கலாம். மாதிரியே இன்னும் வரவில்லை என்றால், 18 மாதங்கள் என்ற கணக்கு ஏற்கெனவே தவறிவிட்டது. 7,000-க்கு மேலும் தேவைப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டியிருக்கும். அப்போது எண்ணிக்கையை உயர்த்துவதே முறை. ஜூலைக்குப் பின் அந்தச் செய்தியை அறிந்து பயனில்லை.